என் தலைவலியும் என் வீட்டுக்காரர் வாயும்

வலி எனக்கு. அதைப் பற்றிப் பேசியதெல்லாம் என் வீட்டுக்காரர். அந்த நாளில் புதுவயல் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் அதுதான் முறை. அன்னிய ஆண்பிள்ளையிடம், அவர் டாக்டரே ஆனாலும், பெண்பிள்ளை வாய் திறப்பதில்லை. புருஷன் சொல்வார், டாக்டர் கேட்பார், நாங்கள் தலைகுனிந்து நிற்போம்.

அப்போது எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. மாதம் இரண்டு மூன்று தரம், பொழுது சாயும் நேரமாகப் பார்த்து வலி வரும். வலது புருவத்துக்கு மேல் தொடங்கி மண்டையைப் பிளக்கும், வாந்தி எடுக்கும். தூங்கி எழுந்தால் போய்விடும். சுக்கை உரசிப் பற்றுப் போட்டே என் நெற்றி தோலுரிந்தது.

"காரைக்குடி டாக்டர்கிட்டப் போவமாங்க?" என்று கேட்டேன்.

"அவரு காய்ச்சலுக்கு மிக்சர் கலக்கித் தாரவரு. அவருக்கு மண்டையப் பத்தி என்ன தெரியும்?" என்றார்.

இவர் சிவகங்கைக் கோர்ட்டுக்கு ஒரு வழக்காகப் போனபோது, அங்கே ஒரு வக்கீல் தம் தலைவலியைப் பட்டணத்து மூக்கு டாக்டர் ஒரேயடியாகப் போக்கிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், எனக்கும் மூக்கு என்று முடிவாகிவிட்டது. ரயிலேறிச் சென்னைக்குப் போனோம்.

மூக்கு டாக்டர் நல்ல மனிதர். மூக்கடைப்பு உண்டா என்று கேட்டார். "உண்டுங்க" என்றார் இவர். மார்கழியில் யாருக்குத்தான் இல்லை? வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். "வேற ஒண்ணுமில்லைங்க" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு ஒன்று இருந்தது. வலி வரும்போதெல்லாம் விளக்கைச் சுற்றி வானவில் போல ஒரு வட்டம் தெரியும், பார்வை புகை படிந்தாற்போல் மங்கும். இவரிடம் சொல்லியிருந்தேன். சீமெண்ணெய் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு வேறு கடையில் வாங்கி வந்தார், அத்தோடு அதை மறந்தும் போனார். பின்னாலிருந்து அவர் துண்டு நுனியை இழுத்தேன். "சும்மா இரு" என்றார்.

உள்ளே சளி கட்டியிருக்கிறது என்று என் மூக்குக்குள் ஊசியால் துளைத்துக் கழுவினார்கள். அந்த வேதனையை இந்த வலி தீரும் என்று நம்பிப் பல்லைக் கடித்துப் பொறுத்தேன்.

ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில் வந்த வலி முந்தியதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. இந்தத் தடவை தூங்கி எழுந்தும் போகவில்லை. வலது கண் ரத்தமாய்ச் சிவந்தது, அதில் வெளிச்சமும் இருட்டும் மட்டுமே தெரிந்தன. சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். செத்தால் தேவலை என்று வாய்விட்டே கத்தினேன். இவர் பயந்துபோய் அந்தக் காரைக்குடி மிக்சர் டாக்டரையே வண்டி வைத்து அழைத்து வந்தார்.

வந்தவரிடம் இவர் வழக்கம்போல ஆரம்பித்தார். டாக்டர் கையமர்த்தினார்.

"நீங்க செத்த வெளிய இருங்க. அம்மாகிட்டக் கேக்கணும்."

இவர் வாசற்படியைத் தாண்டாமல் அங்கேயே நின்றார். டாக்டர் என்னிடம், வலி எந்த நேரத்தில் வரும், எந்தப் பக்கம், வாந்தி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, "வெளக்கப் பாத்தா எப்பிடித் தெரியும்?" என்றார். நான் அழுதுகொண்டே வட்டத்தைச் சொன்னேன். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். இமையை மூடச் சொல்லி இரண்டு கண்ணையும் விரலால் மெல்ல அமுக்கிப் பார்த்தார்.

"வலது கண்ணு கல்லாட்டம் இருக்கு. உள்ள அழுத்தம் ஏறிப்போச்சு. தலைவலி கண்ணுலேருந்து வருது" என்றார். பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்துக் கண்ணில் விட்டார்.

"பட்டணத்துப் பெரிய டாக்டரே பாத்தாரேங்க?" என்றார் இவர், ஈனக் குரலில்.

"அவரு மூக்கப் பாக்குறவரு. மூக்குன்னு சொல்லிப் போனீக, மூக்கப் பாத்தாரு. மூக்கா, கண்ணா, பல்லான்னு மொதல்ல ஒருத்தர் முழுசாப் பாக்கணும்ல? இப்பப் பெரிய டாக்டர் வேணும்தான், ஆனா கண்ணு டாக்டர். இன்னைக்கே மதுரைக்குக் கெளம்புங்க. நான் கடுதாசி தாரேன்."

பஸ் குலுங்கின ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் உயிர் போய்ப் போய் வந்தது. இவர் வழி நெடுக என் தலையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மதுரைக் கண் டாக்டர் கடிதத்தைப் படித்தார், இரண்டு கண்ணையும் பார்த்தார். வலது கண்ணில் பார்வை திரும்பாது, வலிக்காக மட்டும் அதை அறுக்கலாம் என்றார். இடது கண்ணிலும் இதே கோளாறு வரும், இப்போதே கருவிழியில் சிறிது வெட்டிவிட்டால் அது தப்பக்கூடும், விட்டுவைத்தால் அதுவும் போகலாம் என்றார். நல்லாயிருக்கிற கண்ணில் கத்தி வைக்கச் சம்மதமா என்று இவரைப் பார்த்துக் கேட்டார்.

இவர் பழக்கத்தில் வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். என் பக்கம் திரும்பினார். அவர் கண் நிறைந்திருந்தது.

"நீயே சொல்லு" என்றார்.

"வெட்டுங்க" என்றேன்.

இதை எழுதுவது அந்த இடது கண்ணால்தான்.