குறுஞ்செய்திக்காகக் காத்திருக்க வேண்டாம்

சிம்பாங் ரெங்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மாதாமாதம் மருந்து வாங்குபவர்களுக்கு, அது தீருவதற்குச் சில நாள் முன்பே கைப்பேசியில் நினைவூட்டல் அனுப்புவோம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்கும் ஓர் அக்கா வெகுநாளாக வரவில்லை. பிறகு அவர் கணவர் மட்டும் வந்தார்.

"அவளுக்கு ஸ்ட்ரோக் வந்துருச்சு தம்பி. வலது கை வரல, பேச்சும் குழறுது."

"மாத்திரை சாப்பிட்டாங்களா அண்ணே?"

"தீந்து போச்சு. கடையிலருந்து மெசேஜ் வந்தாதான் வாங்கணும்னு நெனச்சிட்டா லா."

அக்கா எண்ணை மாற்றியிருந்தார். எங்கள் செய்திகள் பழைய எண்ணுக்கே போயிருந்தன.

அன்றே எல்லா வாடிக்கையாளர்களுக்கும் கடிதம் எழுதினேன். "எங்கள் செய்தி ஒரு நினைவூட்டல் மட்டுமே. அது வராவிட்டாலும், மருந்து தீருமுன் வாருங்கள். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். எண் மாறினால் சொல்லுங்கள்."

அடுத்த மாதம் அக்காவின் கணவர் வந்தபோது அவரிடமும் அந்தக் கடிதம் ஒன்றைக் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் வாசித்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றார். "இனிமே என் நம்பருக்கே அனுப்புங்க தம்பி. அவளால போனைப் புடிக்க முடியல."

எண்ணைச் சொன்னார். நான் பதிந்துகொண்டேன்.