சஹனைச் சுற்றி உட்கார்ந்து சம்பளம் கேட்பது எப்படி

நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் தனியார் பாடசாலையில் ஆசிரியர்களுக்கு ஒரு வருட ஒப்பந்தம்தான். வருட முடிவில் அதிபர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரு கடிதம் தருவார். "முன்னைய நிபந்தனைகளின்படியே மேலும் ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்படுகிறது" என்று அதில் இருக்கும். அந்த முன்னைய நிபந்தனைகளுக்குள் முன்னைய சம்பளமும் அடக்கம். சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

புதுப்பிக்கும்போது சம்பளத்தைக் கூட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் கிடையாது. கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை. கேட்பதென்றாலும் கையெழுத்து வைப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். வைத்தபிறகு ஒரு வருடத்துக்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்தத் தடவை கேட்பதென்று வீட்டில் முடிவாயிற்று. முடிவெடுத்தது மனைவி. மருதமுனையில் அவளுடைய உம்மா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து எனக்குப் பாடம் நடத்தினாள்.

"கஷ்டமெண்டு சொல்லாதீங்க. கஷ்டம் எல்லாருக்கும் இரிக்கி. என்ன வேலை கூடினதெண்டு சொல்லுங்க. சாமானெல்லாம் விலை கூடிட்டு, சம்பளம் அப்படியே நிக்கிதெண்டு சொல்லுங்க. எவ்வளவு வேணுமெண்டு நீங்களே சொல்லுங்க, அவரச் சொல்ல விடாதீங்க."

"அவர் ஏலாதெண்டா?"

"ஆறு மாசத்துல பார்ப்பமெண்டு கடிதத்துல எழுதித் தரச் சொல்லுங்க. வாயால சொன்னா போதாது."

அவள் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. சேரும்போது என் வேலை வகுப்பில் பாடம் எடுப்பது மட்டும்தான். பிறகு ஆய்வுகூடமும் என் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் பின்னேர வகுப்பும் வந்தது. ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்றால் சரி, வேலை வளர்ந்துகொண்டே போக சம்பளம் மட்டும் நின்ற இடத்தில் நிற்பது என்ன நியாயம்? இதை மோட்டார் சைக்கிளில் போகும்போது எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் தெரியுமா! கடற்கரைக் காற்றுக்குக் கேட்டிருக்கும்.

அதிபரிடம் பேச்சை எடுத்ததும் அவர் கதவை மெல்லச் சாத்தினார். நல்ல மனிதர். அவருக்கும் வருட ஒப்பந்தம்தான்.

"எனக்கு விளங்குது சேர். ஆனா என்ட கையில ஒண்டுமில்ல. ஹாஜியாரிட்ட நேர கதைங்க. நீங்க ஏதோ கதைக்கோணுமாமெண்டு நான் சொல்லி வைக்கன்."

ஹாஜியார்தான் பாடசாலையின் உரிமையாளர், நிர்வாக சபையின் தலைவர். அக்கரைப்பற்றில் பெரிய நெல் வியாபாரி. ஒவ்வொரு போகத்துக்கும் நெல்லின் விலை மாறும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. விலை பேசியே வளர்ந்தவர். அதனால் அவரிடம் பேசுவது சுலபம் என்றுகூட ஒரு நேரம் நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

அந்தக் கிழமையில் அவரைப் பிடிக்க முடியவில்லை. மகனுக்குக் கலியாணம். வீட்டுக்குப் போனால் பந்தல்காரர்கள், கடைக்குப் போனால் "இப்பதான் வெளிக்கிட்டார்." கடைசியில் அவரை நான் கண்டது மாப்பிள்ளை வீட்டு வலீமா விருந்தில்தான். பாடசாலை முழுவதற்கும் அழைப்பு.

மஃரிப் தொழுகைக்கு முன்னரே பந்தலில் பாய் விரித்துவிட்டார்கள். ஒரு சஹனுக்கு ஆறு பேர். ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நான் ஓரமாக ஒதுங்கப் பார்த்தேன். ஹாஜியார் கண்டுவிட்டார். "சேர், இஞ்ச வாங்க, நம்மட சஹனுக்கு" என்று கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தார். எதிரே அவருடைய சம்பந்தி, மற்றப் பக்கம் பள்ளிவாசல் தலைவர். ஹாஜியார் தன் கையாலேயே கோழியைப் பிய்த்துப் பெரிய துண்டை என் பக்கம் தள்ளினார்.

நான் அதை வாயில் வைத்த நேரம் பார்த்துக் கேட்டார்:

"என்ன சேர், என்னோட ஏதோ கதைக்கோணுமாம்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சம்பந்தியின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது. ஆய்வுகூடம், பின்னேர வகுப்பு, விலைவாசி, நான் கேட்க வேண்டிய தொகை எல்லாம் தொண்டைக்குள் இருந்தன, அவருடைய கோழியோடு சேர்த்து. ஒரு மனிதன் தன் மகனின் வலீமாவில் தன் கையால் உணவை என் பக்கம் தள்ளும்போது, "இது போதாது, சம்பளத்தைக் கூட்டுங்கள்" என்று எந்த வாயால் சொல்வது? எங்கள் ஊரில் ஒருவராலும் ஏலாது. சொன்னால் அது என்னோடு போகாது, என் பிள்ளைகளின் கலியாணம் வரைக்கும் வரும்.

"மறுகா கதைப்பம் ஹாஜியார். சாப்பிடுங்க" என்றேன்.

"ஓம், ஓம். சாப்பிடுங்க, சாப்பிடுங்க."

அவ்வளவுதான். வயிறு நிறையச் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

மறுநாள் காலையில் சட்டையை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு அவருடைய கடைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், தேத்தண்ணி எடுப்பித்தார். இந்தத் தடவை நான் விடவில்லை. மனைவி சொல்லித் தந்த ஒழுங்கிலேயே எல்லாவற்றையும் சொன்னேன், தொகையையும் சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தேன்.

அவர் குறுக்கே பேசவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. உண்மையாகவே கவலைப்பட்டார், அதுதான் என்னை உடைத்தது.

"நேத்தே செல்லியிருக்கலாமே சேர். அதுக்குத்தானே சஹன்ல வச்சே கேட்டன். விருந்துக்கு வந்த இடத்துல நிர்வாக சபை ஆக்கள் எல்லாரும் இருந்தாங்க. இஷாத் தொழுகைக்குப் பொறவு கூடி இருந்து அடுத்த வருசச் சம்பளம் எல்லாத்தையும் முடிச்சிட்டம். இனி ஒருத்தருக்கு மட்டும் திறக்க ஏலாது. மத்தாக்களும் வருவாங்க."

சண்டை பிடிக்கவாவது ஒரு கெட்ட மனிதன் கிடைத்திருக்கக் கூடாதா!

"அப்ப ஆறு மாசத்துல பார்ப்பமெண்டு கடிதத்துல ஒரு வரி..."

"இன்ஷா அல்லாஹ், பார்ப்பம். அதுக்கெல்லாம் கடிதம் என்னத்துக்கு, நமக்குள்ள?"

கையெழுத்து வைக்காமல் விட்டால் என்னை ஒருவரும் வேலையிலிருந்து நிறுத்தத் தேவையில்லை. காலம் முடிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது, அவ்வளவுதான். ஆசிரியரின் பிள்ளை என்று அங்கே அரைக் கட்டணத்தில் படிக்கும் மகளின் சலுகையும் அதோடு போகும். அன்று பகலே அதிபரின் அறையில் கையெழுத்து வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் இந்தத் தடவை நன்றி சொல்லவில்லை. என்னால் செய்ய முடிந்த வீரம் அதுதான்.

வீட்டில் மனைவிக்கு என்னைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. மகள்தான் புத்தகப் பையைத் திறந்து பாடசாலைக் கடிதம் ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தாள். மனைவி அதைச் சத்தமாக வாசித்தாள். விலைவாசி உயர்வையும் பாடசாலையின் வேலைகள் கூடியுள்ளதையும் கருத்திற்கொண்டு அடுத்த வருடம் முதல் மாணவர் கட்டணம் கூட்டப்படுகிறது என்று இருந்தது. எவ்வளவு என்பதையும் அவர்களே சொல்லியிருந்தார்கள்.

"நான் சொல்லித் தந்த மாதிரியே கேட்டிரிக்காங்க" என்றாள் மனைவி. சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

"கீழ நீங்க சைன் வைக்கோணுமாம் வாப்பா" என்றாள் மகள்.

வைத்தேன்.