பூட்டுப் போட்டது மட்டும்தானுங்க

"பல்லு கில்லு விழுந்திருந்தா இந்நேரம் வண்டிய எடுத்திருப்பேன் மேடம்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். பல் விழாமல் போனது என்னமோ என் கட்சிக்காரர் செய்த தப்பு மாதிரி அவரை ஒரு பார்வை வேறு பார்த்தார்.

பல்லடம் கோர்ட்டில் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்ததிலிருந்து இந்தப் பார்வையைப் பார்த்து வருகிறேன். அடி வாங்கினவன் சரியாக வாங்கத் தெரியாமல் வாங்கிவிட்டு வந்து நம் உயிரை எடுக்கிறானே என்கிற பார்வை. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஆள் மாறுவார்கள், இது மட்டும் மாறாது.

என் கட்சிக்காரர் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பிழைக்க வந்து பிள்ளைகளை இங்கேயே வளர்த்து ஆளாக்கிவிட்டார். தலை முக்கால்வாசி நரைத்தாயிற்று. அவரை, அவர் மகன் வயசுகூட ஆகாத ஒரு சூப்பர்வைசர், ரெண்டு பனியன் பீஸ் கணக்கில் குறைகிறது என்று சொல்லி கன்னத்தில் அறைந்திருக்கிறான். கன்னம் வீங்கியது, ரெண்டு நாளில் வற்றிவிட்டது. அரசு ஆஸ்பத்திரிச் சீட்டிலும் சாதாரண காயம் என்றுதான் எழுதியிருந்தார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் சொன்னது சட்டப்படி சரி. அதுதான் எனக்கு எரிச்சல். கையால் அறைந்து சும்மா வீங்கினால் அது சின்னக் குற்றம், எங்கள் பாஷையில் நான்-காக்னிசபிள். போலீஸ் அதை ஸ்டேஷன் புத்தகத்தில் பதிந்து, சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீதைக் கையில் கொடுத்து, மாஜிஸ்திரேட்டிடம் போங்கள் என்று அனுப்பிவிடலாம். கோர்ட் உத்தரவு இல்லாமல் அவர்கள் அதை விசாரிக்கக் கூடாது. அதே அறையில் ஒரு பல் உடைந்திருந்தால், இல்லை அவன் கையில் ஒரு கத்தரிக்கோல் இருந்து அது கிழித்திருந்தால், அது காக்னிசபிள். யாரையும் கேட்க வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆர். போட்டு அன்றைக்கே கம்பெனி வாசலில் போய் நிற்கலாம். சட்டம் எழுதினவர்கள் காயத்தை அளக்க டேப் வைத்திருக்கிறார்கள். மானத்தை அளக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை.

இந்த மனுஷனுக்குப் போனது மானம்தான். அங்கே வேலை போய், அடுத்த கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனால், அவர் போய்ச் சேருவதற்குள் போன் போய்ச் சேர்ந்துவிடுகிறது. திருட்டுக் கை என்று. மூன்று இடத்தில் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நம்ம ஊர் மரியாதை அது, கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போதும் 'வாங்க, போங்க' விடுபடாது. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவனுக்குத் தண்டனை கூட வேண்டாம் மேடம். நான் எடுத்தனா இல்லியான்னு ஒருத்தர் விசாரிச்சுச் சொல்லட்டும். அது போதும்."

விசாரிக்கத்தான் போலீசுக்கு வழியில்லை. "அறைஞ்சது தவிர வேற ஏதாச்சும் நடந்துச்சா? யோசிச்சுச் சொல்லுங்க," என்று கேட்டேன். ஒரு தடவை இல்லை, வெவ்வேறு விதமாகக் கேட்டேன். "வேற ஒண்ணுமில்ல மேடம், அடிச்சான், அவ்வளவுதான்," என்றார். சரி என்று, விசாரிக்கச் சொல்லி போலீசுக்கு உத்தரவு போடும்படி மாஜிஸ்திரேட்டுக்கு மனு தயார் செய்தேன். அது கோர்ட்டில் நம்பராகி, விசாரணைக்கு எடுக்கப்பட்டு, உத்தரவு வருவதற்குள் இவர் ஊரையே காலி பண்ணிப் போய்விடுவார் என்று எனக்கும் தெரியும்.

அதற்குள் ஸ்டேஷனில் இருந்து கூப்பிட்டார்கள். எதற்கு? சமாதானம் பேச. இதை மட்டும் என்னால் ஜீரணிக்கவே முடிந்ததில்லை. விசாரிக்கக் கோர்ட் உத்தரவு வேண்டுமாம், ஆனால் ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்து, அடி வாங்கினவனிடம் 'விட்டுக் குடுத்துப் போப்பா' என்று சொல்ல யார் உத்தரவும் வேண்டாமாம். அதற்கு மட்டும் நேரம் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, டீ கூட வருகிறது.

கம்பெனி முதலாளி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கூடவே அந்த சூப்பர்வைசர். முதலாளிக்கு நாற்காலி போடப்பட்டது. என் கட்சிக்காரர் நின்றுகொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் நின்றேன், உட்காரச் சொன்னபோதும் நின்றேன்.

"ஏனுங்க அம்மணி, இந்த மாதிரி கேசுக்கெல்லாம் நீங்க வரலாமுங்களா?" என்று என்னிடம் ஆரம்பித்தார் முதலாளி. "திருடினதே அந்தாளு. நானும் ஒரு புகார் குடுத்தன்னா உடனே பிடிச்சு உள்ள வெச்சிருவாங்க. பாவம், புள்ளகுட்டிக்காரன்னு விட்டு வெச்சிருக்கறனுங்க."

"தாராளமா குடுங்க," என்றேன். "ரெண்டு பனியன்தானே? புதுச் சட்டத்துல அஞ்சாயிரம் ரூபாய்க்குக் கம்மியா மொத தடவ திருட்டுன்னா அதுவும் சின்னக் கேசுதான். அதையும் கோர்ட் சொல்லாம விசாரிக்க முடியாது. நீங்களும் ஒரு ரசீது வாங்கிட்டுப் போலாம்."

அவர் சப்-இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தார். சப்-இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பார்த்தார். திருட்டு என்றால் தன் வார்த்தைக்கு ஜீப் ஓடும் என்று நம்பிக்கொண்டிருந்த மனுஷன், தானும் தன் டெய்லரும் ஒரே ரசீதுக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்பதைத் தாங்க முடியாமல் முகம் சிவந்து போனார். அந்த ரோஷத்தில்தான் சட்டைப் பையில் இருந்து பென் டிரைவை எடுத்து மேஜையில் வைத்தார்.

"அடிச்சான் அடிச்சான்னு சொல்றாங்களே, எங்க கேமராவுல முழுசும் இருக்குதுங்க. போட்டுப் பாருங்க சார். ஒரு அடி விழுந்திருந்தா நான் காதை அறுத்துக்கறன்."

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர் அதைக் கம்ப்யூட்டரில் போட்டார். எல்லாரும் எட்டிப் பார்த்தோம். மத்தியானச் சாப்பாட்டு நேரம். சூப்பர்வைசர் என் கட்சிக்காரரின் பையைப் பிடுங்கித் தையல் மேஜைமேல் கொட்டுகிறான். ஒரு டிபன் டப்பா, ஒரு துண்டு, ஒரு தண்ணி பாட்டில். வேறு ஒன்றும் இல்லை. துண்டை உதறிக்கூடப் பார்க்கிறான். அப்புறம் இவரைச் சட்டையைப் பிடித்து வேஸ்ட் துணி போட்டு வைக்கிற குடோனுக்குள் தள்ளிக்கொண்டு போகிறான். உள்ளே கேமரா இல்லை. அறை விழுந்தது அங்கேதான். கொஞ்ச நேரத்தில் அவன் மட்டும் வெளியே வருகிறான். கதவைச் சாத்துகிறான், பூட்டுகிறான், சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போகிறான்.

முதலாளி படத்தை வேகமாக ஓட்டச் சொன்னார். ஓடியது. எல்லாரும் சாப்பிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தார்கள், டீ குடித்தார்கள், வெளியே இருட்டத் தொடங்கியது. கதவு பூட்டியே இருந்தது. ஷிப்ட் முடிந்து ஆட்கள் பையைத் தூக்கும்போது அவன் வந்து திறந்தான்.

"பாத்துக்கிட்டீங்களா? எங்கீங்க அடி?" என்றார் முதலாளி, ஜெயித்த முகத்தோடு. "பூட்டுப் போட்டது மட்டும்தானுங்க."

நான் என் கட்சிக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். "என்னங்க இது? ஏன் இதைச் சொல்லல?"

"எது மேடம், பூட்டுனதா?" என்றார் அவர், உண்மையாகவே புரியாமல். "அது எப்பவும் பூட்டுறதுதான. ஆர்டர் அவசரம்னா மெயின் கேட்டையே பூட்டிருவாவ. அதப் போய் என்னன்னு எழுத?"

எனக்கு வந்த கோபத்தில் முதலில் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. பூட்டினவனுக்கும் அது குற்றமாகத் தெரியவில்லை, பூட்டுக்குள் இருந்தவருக்கும் தெரியவில்லை. ஒரு மனுஷனை அரை நாள் அடைத்து வைத்ததை முதலாளி தன் யோக்கியதைக்குச் சாட்சியாகப் பாக்கெட்டில் போட்டு எடுத்து வந்திருக்கிறார். இவ்வளவு பெரிய மடத்தனத்தை வெள்ளைச் சட்டை போட்டு மறைக்கலாம் என்று நினைக்கிற ஊர் இது.

"சார், ஒரு ஆளை வெளிய போக விடாம அடைச்சு வெச்சா அது காக்னிசபிள்," என்றேன் சப்-இன்ஸ்பெக்டரிடம். "ஒரே சம்பவத்துல ஒரு குற்றம் காக்னிசபிளா இருந்தாப் போதும், கூட இருக்கற சின்னக் குற்றமும் சேர்ந்து மொத்தக் கேசும் காக்னிசபிள்தான். அறைஞ்சதையும் சேர்த்தே விசாரிக்கலாம். எந்தக் கோர்ட்டையும் கேக்க வேண்டாம். எஃப்.ஐ.ஆர். போடுங்க."

"பூட்டறது இங்க வழக்கம்தானுங்க மேடம்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"வழக்கம்னு சட்டத்துல எந்தப் பிரிவுல இருக்கு, காட்டுங்க. இப்பவே புதுப் புகார் எழுதித் தர்றோம். நீங்க வாங்கலைன்னா எஸ்.பி.க்குத் தபால்ல போகும், அங்கயும் நடக்கலைன்னா கோர்ட்டுக்குப் போவேன். இந்தப் படத்தை உங்க ஸ்டேஷன்ல, உங்க கம்ப்யூட்டர்ல நீங்களே பாத்தீங்கங்கறதும் அதுல இருக்கும்."

ரைட்டர் தலையைச் சொறிந்தார். முதலாளி பென் டிரைவைத் திரும்ப எடுக்கக் கையை நீட்டினார். "அது இருக்கட்டுங்க," என்று சப்-இன்ஸ்பெக்டர் அதை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டார். அந்த ஆளிடம் நான் பார்த்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதால் சூப்பர்வைசரை ஸ்டேஷன் ஜாமீனிலேயே விட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. விசாரணை தொடங்கிவிட்டது, எங்களுக்கு வேண்டியது அதுதான்.

மறுநாள் சப்-இன்ஸ்பெக்டர் இடத்தைப் பார்க்கக் கம்பெனிக்குப் போனார். நடந்த இடத்தைக் காட்ட என் கட்சிக்காரரையும் வரச் சொல்லியிருந்தார். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னதால் நானும் போனேன். போலீசைப் பார்த்ததும் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. குடோன் கதவையும் பூட்டையும் பார்த்துவிட்டு, சப்-இன்ஸ்பெக்டர் அந்தத் தையல் மேஜைக்குப் பக்கத்தில் சூப்பர்வைசரை நிறுத்தினார்.

"இவர் பையில என்ன இருந்துச்சு?"

அவன் முணுமுணுத்தான்.

"சத்தமா சொல்லு."

"டிபன் டப்பாங்க சார். ஒரு துண்டு. தண்ணி பாட்டிலு."

"பனியன்?"

"இல்லீங்க சார்."

அத்தனை டெய்லர்களும் கேட்டார்கள். செக்கிங் பெண்கள் கேட்டார்கள். இந்திக்காரப் பையன்களுக்குக்கூடப் புரிந்துவிட்டது. என் கட்சிக்காரர் தான் உட்கார்ந்து தைத்த மெஷினின்மேல் கையை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன்.

வெளியே வந்தோம். ஜீப் கிளம்பி வாசலுக்கு வந்து நின்றது. மெயின் கேட்டில் பூட்டு. உள்ளே வண்டி வந்ததும், எப்போதும்போல வாட்ச்மேன் பூட்டிவிட்டு எங்கேயோ போயிருக்கிறார். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். யாரும் வரவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் கீழே இறங்கி, கேட்டைப் பிடித்து ஆட்டி, "யாருய்யா பூட்டுனது?" என்று கத்தினார். முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாவிக்கு ஆள் தேடி ஓடினார்.

என் கட்சிக்காரர் நிதானமாக நடந்து வந்து சப்-இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க சார்," என்றார். "ஷிப்ட் முடிஞ்சதும் தொறந்துருவாவ."