காலர் அக்காவின் எழுபத்து மூவாயிரம்

சட்டைக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகக் காலர் மட்டுமே தைப்பதால் அவளுக்குக் காலர் அக்கா என்று பெயர். கல்யாணமாகவில்லை. கணக்கு வாத்தியாரான அண்ணன், அண்ணி, அவர்கள் பையன் இருக்கும் வீட்டில்தான் இருப்பு.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அண்ணன்தான் வங்கிக்குக் கூட்டிப்போய் அவள் பெயரில் ஆர்.டி. போடவைத்தார். மாதம் ஆயிரம், எட்டு சதவீத வட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும். அன்றைக்கே கணக்குப் போட்டுச் சொன்னார்: "அறுபதாயிரம் கட்டுவே. எண்பத்தொன்பதாயிரத்து நூத்தியம்பத்தேழு வரும். பையன் காலேஜுக்கு ஆச்சு."

ஒரு தவணைகூடத் தப்பவில்லை. காய்ச்சலில் சம்பளம் பிடித்த மாதம்கூடக் கடன் வாங்கிக் கட்டினாள்.

முதிர்வு நாளில் வங்கி கொடுத்தது எழுபத்து மூவாயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"முதல் மாசம் கட்டின ஆயிரம்தான்க்கா அஞ்சு வருஷமும் இருந்துச்சு. அது ஆயிரத்து நானூத்து எம்பத்தாறு ஆயிருக்கும். அடுத்த மாசத்துப் பணத்துக்கு ஒரு மாசம் கம்மி, அதுக்கடுத்ததுக்கு இன்னும் கம்மி. கடைசி ஆயிரம் ஒரே மாசம்தான் இருந்துச்சு. அது ஆயிரத்து ஏழு ரூபாதான். மொத்த அறுபதாயிரத்துக்கும் அஞ்சு வருஷ வட்டி எப்படி வரும்?"

அதைத்தான் வீட்டில் சொன்னாள். அண்ணன் ஒரு தாளில் அறுபது, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு என்று எழுதிக்கொண்டே வந்தார். ஐந்தாவது வரியில் பேனா நின்றது. காது மடல் சிவந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அண்ணி வாசற்படியில் நின்றிருந்தாள். "என்னங்க, மீதி எங்க?"

"நடுவுல எடுத்திருப்பா," என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

"அண்ணே, பாஸ்புக்கைப் பாருண்ணே."

"பதினஞ்சாயிரம் காத்துலயா போச்சு? எனக்கே கணக்குச் சொல்லித் தரியா?"

அவள் பாஸ்புக்கை அண்ணியிடம் நீட்டினாள். அண்ணி கை நீட்டவே இல்லை. "நீ இங்க தின்ன சோத்துக்கெல்லாம் நாங்க கணக்கு வெச்சிருந்தோமா?" என்று மட்டும் கேட்டாள். பையன் போனிலிருந்து தலையைத் தூக்கி, "பீஸ் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி, அத்தை," என்றான்.

எழுபத்து மூவாயிரத்தையும் அண்ணன் எண்ணி வாங்கிக்கொண்டார். வியாழக்கிழமை அவள் தோட்டை விற்று மீதியையும் கொடுத்தாள். அதை வாங்கும்போது அண்ணன், "ஒத்துக்கிட்டியே, அது போதும்," என்றார். அவள் மறுத்துப் பேசவில்லை. வேறு போக வீடு இல்லை.

இப்போது அவளைக் கடைக்கு அனுப்பினால் அண்ணி மீதிச் சில்லறையை எண்ணித்தான் வாங்குகிறாள். பீரோ சாவி இடுப்பிலேயே இருக்கிறது. பையன்கூடக் குளிக்கப் போகும்போது பர்ஸைக் கையோடு எடுத்துப் போகிறான்.