படகு நேரத்துக்குக் கீழே ஒரு வரி

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றது. நாலு பேர் கூடினால் வாய் திறக்கவும் கூச்சம். ஆனாலும் நான் எழுதியதை ஒரு அலுவலகமே ஒரு காலம் தவறாமல் வாசித்தது. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லத்தான் துணிந்தேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர்காவற்றுறையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் தட்டச்சு வேலை எனக்கு. நெடுந்தீவில் எங்களுக்கு ஒரு கிளை இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்கள் இந்தப் பக்கத்திலிருந்து தினமும் படகில் போய் வருபவர்கள்.

ஒருநாள் எங்கள் முகாமையாளருக்கு, அஞ்சல் பெட்டி நிறைந்துவிட்டது, கடவுச்சொல்லைக் கொடுங்கள் என்று மின்னஞ்சல் வந்தது. கொடுத்துவிட்டார். அது கள்ள மின்னஞ்சல். அவர் பெயரில் கண்டகண்ட கடிதங்கள் எல்லாம் போயின. கடவுச்சொல்லை மாற்றினார்கள். தலைமை அலுவலகம் நீண்ட எச்சரிக்கை ஒன்றை அனுப்பியது.

"உந்த எச்சரிக்கையை ஆரும் வாசிச்சனீங்களோ?" என்று முகாமையாளர் கேட்டார்.

"நான் கடைசி மட்டும் போனனான் சேர்," என்றார் காசாளர்.

"என்ன கிடந்தது?"

"கையெழுத்து."

சிரித்து முடிந்ததும் முகாமையாளர் என் பக்கம் திரும்பினார். "நீர் எழுதும். நீர் கதைக்கிறதே கட்டை, எழுத்தும் கட்டையாத்தான் வரும்."

எங்கள் ஆட்கள் எதைத் தேடி வாசிப்பார்கள் என்று யோசித்தேன். நாளைக்குப் படகு ஓடுமா என்பது ஒன்றுதான். என் தம்பிக்கு, நெடுந்தீவுப் படகு புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறையில் வேலை. பின்னேரம் அவனிடம் கேட்டு, 'நாளை படகு' என்று தலைப்பிட்டு எல்லோருக்கும் அனுப்பத் தொடங்கினேன். முதலில் படகு நேரம். அதன் கீழே ஒரே ஒரு வரி. 'யார் அனுப்பினாலும், இணைப்பை அழுத்தி வரும் பக்கத்தில் கடவுச்சொல் கொடுக்க வேண்டாம்.' இன்னொரு நாள், 'சந்தேகம் என்றால் அனுப்பியவரிடம் தொலைபேசியில் கேளுங்கள். மின்னஞ்சலில் உள்ள இலக்கத்துக்கு அல்ல, உங்களிடம் ஏற்கெனவே உள்ள இலக்கத்துக்கு.'

வாசித்தார்கள். அதில் சொன்னபடியே நடந்துகொண்டார்கள். நெடுந்தீவுக் கிளையில் வேலை செய்த, புளியங்கூடல் ஊர்ப் பெண் ஒருத்திதான் அடிக்கடி அழைப்பாள். பல வருடமாகத் தற்காலிக வேலை. நிரந்தரமாக்கும் கோப்பு தலைமை அலுவலகத்தில் கிடந்தது. அவளுடைய சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடியது.

"அக்கா, எனக்குப் பரிசாக் கார் விழுந்திருக்காம், மெயில் வந்திருக்கு."

"அழுத்தினனீரோ?"

"எனக்கென்ன விசரே? உங்கட வரியைப் பாத்திட்டுக் குப்பையில போட்டிட்டன். கார் வந்தாலும் போட்டில ஏத்த ஏலாது."

பிறகு காற்று தொடங்கிய ஒரு நாள், நெடுந்தீவு இறங்குதுறையில் அவள் வீடு திரும்ப நின்றபோது கைத்தொலைபேசிக்கு 'நாளை படகு' வந்தது. என் பெயர், என் சொற்கள், என் எச்சரிக்கை வரியும்கூட. அதன் கீழே ஒரு இணைப்பு: நேரம் மாறியுள்ளது, இங்கே பார்க்கவும். அழுத்தினாள். வந்த பக்கம் கடவுச்சொல் கேட்டது. கொடுத்தாள். அன்றிரவே அவளுடைய முகவரியிலிருந்து சங்க அங்கத்தவர்களுக்கெல்லாம் கள்ள இணைப்புகள் போயின.

யாழ்ப்பாணத்திலிருந்து கணினி தெரிந்த ஒருவர் வந்து பார்த்தார். முகாமையாளரின் கடவுச்சொல்லை மாற்றியவர்கள், கள்வர் அவர் கணக்குக்குள் செய்துவிட்டுப் போயிருந்த ஒரு அமைப்பைக் கவனிக்கவில்லையாம். அவருக்கு வரும் ஒவ்வொரு மின்னஞ்சலின் பிரதியும் வெளியே ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. என் படகுச் செய்தியும் போயிருக்கிறது. அதை அப்படியே எடுத்து, வேறு முகவரியிலிருந்து, என் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் பெயர் மட்டும்தான் தெரியும். முகவரியைப் பார்க்க, பெயரை அழுத்த வேண்டும்.

"ஏன் எனக்குப் போன் எடுத்துக் கேக்கேல்லை?" என்றேன் அவளிடம்.

"உங்களிட்ட இருந்து வந்ததுக்கு உங்களிட்டயே சந்தேகம் கேக்கிறதோ அக்கா?"



விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். முகாமையாளர் ஏமாந்தபோது எச்சரிக்கை எதுவும் இருக்கவில்லை, அதனால் அது தவறில்லை என்றார். இவள் ஏமாந்தபோது எச்சரிக்கை இருந்தது. நான் அனுப்பியவை எல்லாம் அச்சிடப்பட்டு அவர் முன்னால் கிடந்தன. முகாமையாளர் கதிரையில் தலை குனிந்திருந்தார். அவள் கதவோரம் நின்றாள்.

"இவ இதுகளை வாசிக்கிறவவோ?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார்.

"அந்த மின்னஞ்சல் என்ர பேரில..."

"கேட்டதுக்குச் சொல்லும். வாசிக்கிறவவோ, இல்லையோ?"

அவள் என்னைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். கேட்டதுக்கு மட்டும் சொன்னேன்.

"ஓம் சேர். ஒவ்வொரு நாளும்."

அவர் அதை எழுதிக்கொண்டார்.

அடுத்த நாள் அவளை வேலையிலிருந்து நிறுத்தும் அறிவித்தல் வந்தது. காற்றினால் படகு ஓடவில்லை. நாளைக்கும் படகு இல்லை என்று எல்லோருக்கும் அனுப்பினேன். கீழே வரி எதுவும் போடவில்லை.