சவுந்தரம் அத்தையின் ஆறு பக்கங்கள்

என் அத்தை சவுந்தரம் கடற்பாலத்துக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் பெட்டி கட்டினார். ஆட்குறைப்பில் வேலை போன பிறகு, இக்கரையில் கெலுகோரில் மூன்றாம் மாடி வீட்டில் கேக் சுட்டு விற்க ஆரம்பித்தார். சூட்டடுப்பைக் கண்டு அவர் பயந்ததே இல்லை. பெட்டியைக் கண்டால்தான் பயம்.

அந்தப் பயம் செப்டம்பரில் தொடங்கியது. பிறந்தநாளுக்கென்று ஒருவர் வாங்கிய சூஜி கேக், வெள்ளை அட்டைப் பெட்டியில் போனது. ரவையும் பாதாமும் வெண்ணெயும் சேர்ந்த கனமான கேக் அது. மாடிப்படி இறங்குவதற்குள் வெண்ணெய் அட்டையில் ஊறி, அடிப்பக்கம் ஈரக் காகிதம் போல விட்டுவிட்டது. கேக் படியில் உட்கார்ந்தது. வாங்கியவர் அதைப் படம் எடுத்துக் குடியிருப்புக் குழுவில் போட்டார். அதன்பின் ஐந்து வாரம் யாரும் கேக் கேட்கவில்லை.

நான்கு வருடம் வெளிநாட்டில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்து, அத்தை வீட்டில் தங்கியிருந்த நேரம் அது. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது காமாரியா கூப்பிட்டார். பழைய தொழிற்சாலையில் அத்தைக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். இப்போது அங்கே மனிதவளப் பிரிவில் இருக்கிறார். தொழிற்சாலையின் தீபாவளி விருந்துக்குத் தொண்ணூற்றாறு பாலாங் நெய் பிஸ்கட்டும் இருபது சூஜி கேக்கும் வேண்டும். பாலாங் என்பது சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் ஜாடி. எங்கள் ஊரில் பண்டிகை என்றாலே அதுதான்.

தொலைபேசியை வைத்த அத்தையின் முகம் வெளுத்திருந்தது.

"என்ன அத்தை, வேணாம்னு சொல்லிட்டாங்களா?"

"சரின்னு சொல்லிட்டேன் மோனி. அதான் பயமா இருக்கு. அங்க பாதிப்பேரு மலாய்க்காரங்க. 'சவுந்தரம் வீட்டுக் கேக்க நம்பிச் சாப்பிடலாம்'னு காமாரியா பெரியவங்ககிட்ட வாக்குக் குடுத்திருக்கு. இதுலயும் சறுக்குனா அவ்வளவுதான், நான் கடையச் சாத்திட்டு எங்கயாச்சும் தரை கூட்டப் போக வேண்டியதுதான்."

மலாய்க்காரர்கள் முஸ்லிம்கள்; அதனால் அந்த நம்பிக்கையில் பிராந்தி விஷயமும் அடக்கம். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுச் சூஜி கேக்கில் பிராந்தி சேர்ப்பார்கள். தொழிற்சாலைக் கேக்கில் ஒரு சொட்டும் கிடையாது என்று அத்தை சொல்லியிருந்தார். பிராந்திப் போத்தலைக்கூடப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். மாவும் வெண்ணெயும் ஹலால் முத்திரை பார்த்துத்தான் வாங்கினார்.

ஜார்ஜ் டவுன் கடையிலிருந்து மூன்று விதப் பெட்டி வாங்கி வந்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கேக்கை வைத்து, தேதியும் நேரமும் எழுதி, ராத்திரி முழுக்கச் சாப்பாட்டு மேசையில் விட்டார் அத்தை. காலையில் விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தோம். ஐம்பத்தைந்து காசு வெள்ளைப் பெட்டியின் அடி கண்ணாடி போல ஒளி விட்டது. எண்ணெய் முழுக்க இறங்கியிருந்தது. ஒரு வெள்ளி அறுபது காசு விலையுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் எண்ணெய் கசியவில்லை. ஆனால் உள்மூடியில் நீர்த்துளி கோத்து, கேக்கின் மேல்தோல் பிசுபிசுத்திருந்தது. தொண்ணூறு காசு பழுப்புப் பெட்டிக்கு உட்பக்கம் பூச்சு உண்டு. அது தாங்கியது. மடிப்பு மூலையில் மட்டும் ஒரு பொட்டு எண்ணெய்.

"பூச்சு மடிப்புல வெடிக்கும். அங்கதான் குடிக்கும்," என்றார் அத்தை. எண்ணெய் புகாத தாளை நான்கு பக்கமும் ஏறும்படி விரித்து, கேக்குக்கு அடியில் தடித்த அட்டை ஒன்று வைத்து மறுபடியும் ஒரு ராத்திரி விட்டார். மூலை காய்ந்தே இருந்தது. கேக்கின் நடுச்சூடு அடங்கும் வரை பெட்டியை மூடக்கூடாது என்று எனக்குக் கட்டளை. அவசரப்பட்டு மூடினால் ஆவி உள்ளேயே தண்ணீராகும். நம் ஊர் வெக்கையில் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும்.

கேக்கைக் கனமான புதிய அட்டைப் பெட்டிகளில் ஆடாமல் அடுக்கினோம். பிஸ்கட்தான் தொல்லை. நெய் பிஸ்கட் விரல் பட்டாலே உதிரும். ஈரக்காற்று புகாமல் மூடியைச் சுற்றி ஒட்டுநாடா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் என்று அதற்கு வழி செய்தாயிற்று. பாலம் தாண்டும்போது ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வேண்டுமே. குமிழித் தாளும் புதுப் பெட்டியும் வாங்கினால் லாபத்தில் பாதி போய்விடும்.

அத்தையின் கணவர் பேட்ரிக் மாமா நான்கு பழைய அட்டைப் பெட்டிகளைத் தோளில் சுமந்து வந்தார். ஹோட்டலில் வேலை செய்யும் நண்பன் கொடுத்ததாம். உள்ளே பன்னிரண்டு அறைத் தடுப்பு. ஓர் அறையில் பாலாங் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு, அளவெடுத்தாற்போல் இறங்கியது. நடுவே வட்ட அட்டை ஒன்று. ஒரு பெட்டிக்கு இருபத்து நான்கு. நான்கு பெட்டிக்குத் தொண்ணூற்றாறு.

"பாத்தியா? காசே இல்லாம!" என்றார் மாமா. "உன் புருசன சும்மா நெனச்சிட்ட லா."

"மொதல்ல சோதன பண்ணணும்," என்றார் அத்தை.

தொழிற்சாலையில் செய்தது போலவே செய்தார். நிரப்பிய ஒரு பெட்டியை இடுப்புயரத்திலிருந்து போட்டார். முதலில் ஒரு மூலை தரையில் படும்படி, பிறகு மூன்று விளிம்பு, பிறகு ஆறு பக்கம். கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து, "என்னக்கா, வீட்ட இடிக்கிறீங்களா?" என்றார். திறந்து பார்த்தால் ஒரு பிஸ்கட்கூட உடையவில்லை. அத்தை சிலுவை போட்டுக்கொண்டார். செப்டம்பருக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

விருந்து நாள் காலை எட்டு மணிக்கு மாமா வேனை எடுத்தார். நான்தான் பெட்டிகளை ஏற்றினேன். அரை மணி கழித்து, சமையலறையில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது குப்பைக்கென்று ஒதுக்கியிருந்த தடுப்பு அட்டைத் துண்டு ஒன்று கையில் வந்தது. அதில் திராட்சைக் குலை. கீழே சிறிய எழுத்தில் 13.5%.

அந்தத் திராட்சைக் குலையை நான் முன்பே பார்த்திருந்தேன். பெட்டியின் ஒரு பக்கம் முழுக்க இருந்தது; அழகான படம் என்று நினைத்துக்கொண்டே அதன்மேல் ஒட்டுநாடா ஒட்டினேன். வெளிநாட்டில் பழத்தோட்டங்களில் அப்படிப்பட்ட பெட்டிகளைத் தினமும் சுமந்தவள் நான். எனக்கு அது வெறும் பெட்டியாகத்தான் தெரிந்தது.

"அத்தை," என்றேன். "அது வைன் பெட்டி."

அத்தை அட்டையை வாங்கிப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு பக்கமும் போட்டுப் போட்டு அடிச்சேனே. ஒரு பக்கத்தையாச்சும் படிச்சேனா?" "பிராந்தி போடலன்னு சொல்லிட்டு வைன் பெட்டில அனுப்பியிருக்கேன். யாரு நம்புவா, மோனி? காமாரியா மூஞ்சிய எங்க கொண்டு வைக்கும்?"

மாமாவைக் கூப்பிட்டோம். வண்டி ஓட்டும்போது அவர் எடுப்பதில்லை. நான்கு முறை அடித்து ஓய்ந்தது. நான் மோட்டார்சைக்கிள் சாவியை எடுத்தேன்.

பாலத்தில் காற்று பக்கவாட்டில் அறைந்தது. லாரிகள் உறுமிக்கொண்டு தாண்டின. மழைத்தூறல் கண்ணைக் குத்தியது. பின்னால் அத்தை என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து, அருள்நிறைந்த மரியாயே சொல்லிக்கொண்டே வந்தார். பாதியில் வார்த்தை மறந்து மறந்து முதலிலிருந்து தொடங்கினார்.

தொழிற்சாலை வாசலில் காவலர் அஸ்லான் அத்தையைப் பார்த்ததும் சிரித்தார். "அக்கா! உங்க கோத்தாக் எல்லாம் உள்ள போயிருச்சு." கோத்தாக் என்றால் பெட்டி. அவர் மலாய்க்காரர்; அத்தையோடு பழகிக் கற்ற தமிழ்.

உணவுக்கூடத்தில் நான்கு பெட்டிகளும் தள்ளுவண்டியில் நின்றன. திராட்சைக் குலை சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. மாமா கேக்கை இறக்கிக்கொண்டிருந்தார். காமாரியா பெயர்ப் பட்டியலோடு நின்றார். இன்னும் யாரும் பார்க்கவில்லை.

நான் அத்தையின் காதில் சொன்னேன்: "நான் பாலாங்க வெளிய எடுத்துர்றேன். பெட்டிய மடிச்சு வேன்ல போட்டுடலாம். யாருக்கும் தெரியாது."

அத்தை பெட்டியைப் பார்த்தார். காமாரியாவைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியுமே," என்றார்.

தள்ளுவண்டியைத் தானே திருப்பினார். திராட்சைக் குலை கூடத்தைப் பார்த்தது. காமாரியாவைக் 'காக்', அக்கா என்று அழைத்து, அவர் மலாயில் பேசினார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. "காக், பெட்டி பழசு. வைன் வந்த பெட்டி. நான் கவனிக்கல. உள்ள பாலாங் மூடி ஒட்டியிருக்கு. கேக் வேற பெட்டில வந்திருக்கு, அது புதுசு. கேக்குல பிராந்தி இல்ல. வேணாம்னா எல்லாத்தையும் திருப்பி எடுத்துட்டுப் போறேன்."

காமாரியா கத்தி வாங்கி நான்கு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். தடுப்பை வெளியே இழுத்துக் குனிந்து முகர்ந்தார். நான்காவது பெட்டியின் அடியில் ஊதாக் கறை இருந்தது. எப்போதோ ஒரு போத்தல் உடைந்திருக்க வேண்டும். காய்ந்த கறைதான், ஆனாலும் புளித்த வாசம் லேசாக வந்தது. பாலாங்கை அடுக்கிய நானும் அதைக் கவனித்திருக்கவில்லை.

அத்தை என் கையைப் பிடித்தார்.

"இந்த இருபத்து நாலும் வேணாம்," என்றார் காமாரியா. "திருப்பி எடுத்துட்டுப் போ."

"சரி, காக்."

"மத்ததப் பத்தி ஆளுங்ககிட்ட நான் சொல்லணும். மறைக்க முடியாது. எடுக்கிறவங்க எடுக்கட்டும்."

"சரி."

காமாரியா ஒரு கேக் பெட்டியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். தடவியும் பார்த்தார். பிறகு அத்தையிடம் கேட்டார்: "அந்த வருசம் உன் வீட்டுக் கிறிஸ்துமஸ் ஞாபகம் இருக்கா? நான் கேக் துண்டக் கையில எடுத்துட்டேன். நீ சமையலறைலேருந்து ஓடி வந்து பிடுங்குன. 'காக், அதுல பிராந்தி இருக்கு'ன்னு."

"இருக்கு."

"அன்னிக்கு நீ பிடுங்கலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது." பெட்டியை மேசையில் வைத்தார். "கேக் இருக்கட்டும்."

பத்தரை மணிக்கு ஆட்கள் வந்தார்கள். காமாரியா ஒலிபெருக்கியில் நடந்ததைச் சொன்னார். அத்தை தூணுக்குப் பின்னால் நின்றார். கூட்டத்தில் முணுமுணுப்பு. மூன்று பெண்கள் பிஸ்கட் மேசையைத் தாண்டி நேராகத் தேநீருக்குப் போனார்கள். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். தமிழ்ப் பையன்கள் சிலர் எடுத்தார்கள். அது கணக்கில்லை என்று அத்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அஸ்லான் வந்து ஒரு பாலாங்கை எடுத்துக் குலுக்கினார். வெளிச்சத்தில் பார்த்தார்.

"பாலம் தாண்டி வந்திருக்கு. ஒண்ணுகூட உடையல," என்றார் பின்னால் நின்றவரிடம், மலாயில். மூடியைத் திறந்து ஒன்றை வாயில் போட்டார். பின்னால் நின்றவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு எடுத்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கேக் முழுவதும் முடிந்திருந்தது. பத்தொன்பது பாலாங் மேசையில் மிச்சம். அத்தை அவற்றை எண்ணினார், மறுபடியும் எண்ணினார்.

காமாரியா தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய தேநீர், கொண்டுவந்து கொடுத்தார்.

"ஜனவரில ஒரு பணி ஓய்வு விருந்து இருக்கு. பத்துக் கேக்," என்றார் காமாரியா. "பெட்டி புதுசா வாங்கு. அந்தக் காச விலையில சேத்துப் போடு. என்கிட்ட மிச்சம் பிடிக்காத."

திரும்பும்போது அத்தை மோட்டார்சைக்கிளில் ஏற மறுத்துவிட்டார். வேனின் பின்பக்கம், திரும்பி வந்த இருபத்து நான்கு பாலாங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பாலத்தின் நடுவில் நான் வேனைத் தாண்டியபோது கண்ணாடி வழியே பார்த்தேன். கறை பிடித்த காலிப் பெட்டியை மடியில் வைத்து, ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குத் திருப்பித் திருப்பி, அதில் அச்சிட்டிருந்ததை உதடு அசைய வாசித்துக்கொண்டிருந்தார்.