ஹாரனின் வாய்க்குள் என் வலது கை

பிரெஞ்சு ஹாரன் என்ற பித்தளை ஊதுகருவியின் அகன்ற வாய்க்குள் வலது கையை எவ்வளவு தூரம் விட வேண்டும்? எட்டு மாதமாக வாசிக்கிறேன், இன்னும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

செஞ்சியில் எங்கள் சர்ச் பேண்டில் ஒரே ஒரு ஹாரன்தான். வாசித்தவர் ஊர் மாறிப் போனதால், இசை நோட்ஸ் படிக்கத் தெரிந்த என்னிடம் கொடுத்தார்கள். இடது கை விரல்கள் வால்வுகளை அழுத்தும். வலது கை விரல்களை ஒட்டி, லேசாகக் குழித்து, அவற்றின் முதுகு உட்சுவரைத் தொடும்படி அகன்ற வாய்க்குள் வைக்க வேண்டும். திருவிழாப் பாட்டில் ஹாரன் மட்டும் தனியாக வாசிக்கும் ஓர் இடம் உண்டு. அதை எனக்குத் தந்திருந்தார்கள்.

வீட்டில் பழக நேரம் கிடைப்பது, என் பத்து மாத மகள் மதியம் தூங்கும்போதுதான். சத்தம் குறையட்டும் என்று கையை உள்ளே தள்ளி, உள்ளங்கையால் பாதி மூடிக்கொண்டேன். கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் ஓசை வந்தது, அவள் எழவில்லை. ஆனால் சுருதி கீழே இருக்கிறது என்றது ஃபோனில் சுருதி பார்க்கும் ஆப். பழைய கருவி, அதனால்தான் என்று நினைத்து, இழுத்தால் சுருதி இறங்கி, தள்ளினால் ஏறும் சுருதிக் குழாயை முழுவதும் உள்ளே தள்ளினேன். ஆப்பின் முள் நடுவில் நின்றது. பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில், சத்தமாக ஊதலாம் என்ற நிம்மதியில் கை தானாகத் திறந்துகொண்டது. பக்கத்தில் டிரம்பட் வாசிக்கும் அக்கா முகம் சுளித்தார்.

"இன்னாம்மா, சுருதில நீ மட்டும் மலைமேல ஏறிட்ட? நாங்கல்லாம் கீழயே நிக்கறோம்."

"வீட்ல கரெக்டா இருந்துச்சுக்கா. ஆப்ல பாத்தேன்."

பேண்டை நடத்தும் அண்ணன், "அடுத்த வாரமும் இப்டின்னா அந்த எடத்த டிரம்பட்டுக்குக் குடுத்துருவேன். தப்பா நெனைக்காதம்மா" என்றார்.

அக்காதான் கேட்டார். "வீட்ல கைய எப்டி வெப்ப?"

வைத்துக் காட்டினேன். சிரித்துவிட்டார். "கொளந்த தூங்கறதுக்கு ஹாரன் வாயப் பொத்தினியா!"

ஒரே ஸ்வரத்தை நீளமாக ஊதிக்கொண்டே கையை மெதுவாக மூடிப் பார்க்கச் சொன்னார். ஓசை மங்கியது, கூடவே சுருதியும் கீழே சறுக்கியது. திறந்ததும் பளிச்சென்று மேலே ஏறியது. என் கையும் குழாயின் ஒரு பகுதிதான் போலும். மூடினால் குழாய் நீண்டதுபோல் ஆகிறது. ஓசையைக் கூர்மையாக்கும் மேல் அதிர்வுகளும் உள்ளேயே நின்றுவிடுகின்றன. இறுக்கி அடைத்தபோது மூக்கால் பேசுவதுபோல் வேறு குரல் வந்தது. வியப்பு தாங்காமல் மூன்று முறை செய்தேன். அப்புறம்தான் புரிந்தது: கையால் கெடுத்ததைக் குழாயால் ஈடுகட்டியிருக்கிறேன்.

குழாயைக் கொஞ்சம் இழுத்து, கையைத் திறந்து வைத்ததும் சுருதி சேர்ந்தது. ஆனால் அப்படியே வீட்டில் வாசித்தால் மகள் அலறி எழுகிறாள். சத்தம் குறைய வாயில் செருகும் மியூட் மாட்டலாமாம். அது வாயை அடைத்துக்கொண்டால் கைக்கு இடமேது, கை எப்போது பழகும்?

அடுத்த ஒத்திகைக்கு நான்கு நாள் இருக்கிறது. கைக்குழந்தையோடு ஹாரன் பழகியவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்களேன்.